ஆர்.ஓ. மெம்ப்ரேன் போய்விட்டதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"மெம்ப்ரேன் போயிடுச்சு, மாத்தணும்." ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கும் வீட்டில் என்றாவது ஒருநாள் இதைக் கேட்டே ஆக வேண்டும். சில நேரம் அது உண்மை. பல நேரம் போனது மெம்ப்ரேன் இல்லை. அதற்கு முன்னால் சேற்றைப் பிடிக்க இருக்கும் ஸ்பன் ஃபில்டரோ, பின்னால் வேஸ்ட் தண்ணீர்க் குழாயில் அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த விரல் நீளத்துக்கு இருக்கும் எஃப்.ஆரோதான். மெஷினில் விலை கூடிய ஸ்பேர்களில் மெம்ப்ரேன் ஒன்று. அதனால் மாற்றச் சொல்பவருக்கு லாபம், மாற்றுபவருக்கு நஷ்டம். அதைவிட மோசம், உண்மையான கோளாறு அப்படியே இருக்க, புது மெம்ப்ரேனும் சில மாதங்களில் அதே வழியில் போய்விடும்.

இங்கே சொல்வது வடசென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர், வியாசர்பாடி வீடுகளில் அதிகம் பார்க்கும் வகைக்கு: சுவரில் மாட்டும் மெஷின், 24 வோல்ட் பூஸ்டர் பம்ப், 1812 அளவு மெம்ப்ரேன். முழு கேட்ரிட்ஜாகச் சுழற்றிக் கழற்றும் புது வகை மெஷின்களுக்கு அந்தந்த கம்பெனியின் கேட்ரிட்ஜ்தான் பொருந்தும். அளவெடுத்துப் பார்க்கும் முறை மட்டும் அவற்றுக்கும் இதேதான்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது

மெம்ப்ரேன் லேபிளில் 1812-75, 1812-80, 2012-100 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் அளவு: 1812 என்றால் 1.8 அங்குல விட்டம், 12 அங்குல நீளம். கடைசி எண் ஜி.பி.டி., அதாவது ஒரு நாளைக்கு எத்தனை கேலன் நல்ல தண்ணீர் தரும் என்பது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஆகவே 80 ஜி.பி.டி. என்றால் நாளைக்கு சுமார் 303 லிட்டர், நிமிடத்துக்கு 210 மில்லி. 75 என்றால் நிமிடத்துக்கு 197 மில்லி. இந்த நிமிடக் கணக்குதான் நமக்கு வேண்டியது.

சாதாரண வெள்ளை ஹவுசிங் 1812, 2012 இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். வெளியே மெஷின் எந்த கம்பெனியாக இருந்தாலும் உள்ளே இந்த ஹவுசிங் இருந்தால் எந்த நல்ல தயாரிப்பு 1812 மெம்ப்ரேனும் உட்காரும். 3012 என்று இருந்தால் அது பருமனானது. பெரிய ஹவுசிங் வேண்டும். சந்தேகம் இருந்தால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் நல்லது. மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது; ஒரே பெயரில் வருஷத்துக்கு வருஷம் உள்ளே மாற்றியிருப்பார்கள்.

75-ஐ எடுத்துவிட்டு 80 போடலாம், ஒன்றும் ஆகாது. 75-க்குப் பதில் 100 போட்டால் தண்ணீர் வேகமாக வரும் என்று கேட்பவர்கள் உண்டு. பம்பும் எஃப்.ஆரும் 75-க்கானதாக இருக்கும்போது மெம்ப்ரேனை மட்டும் 100 ஆக்கினால், பம்பால் வேண்டிய அழுத்தத்தைத் தக்கவைக்க முடியாது. அப்படியே தக்கவைத்தாலும் வேஸ்ட் தண்ணீர் போதுமான அளவு ஓடாமல் உப்பு உள்ளேயே படியும். மூன்றையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் மட்டும் 100-ஐ யோசிக்கலாம்.

எஃப்.ஆர். என்பது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். வேஸ்ட் தண்ணீரை மெல்ல மட்டும் விட்டு, உள்ளே அழுத்தம் நிற்கச் செய்யும் சின்ன பிளாஸ்டிக் குப்பி. அதன் மேல் 300, 450, 550 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். அது நிமிடத்துக்கு எத்தனை மில்லி வேஸ்ட் தண்ணீர் விடும் என்ற கணக்கு. 75, 80 ஜி.பி.டி. மெம்ப்ரேனுக்கு 450 பொருத்தம். நல்ல தண்ணீர் 200 மில்லி, வேஸ்ட் 450 மில்லி என்றால், உள்ளே போவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நமக்குக் கிடைக்கிறது. வீணாகிறதே என்று வருத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஓட்டம்தான் மெம்ப்ரேனின் மேல் உப்பு படியாமல் கழுவிக்கொண்டு போகிறது.

முதலில் நான்கு அளவு

எந்த அறிகுறியாக இருந்தாலும் கழற்றுவதற்கு முன் நான்கு அளவு எடுக்க வேண்டும். தேவை: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர், மில்லி கோடு போட்ட ஒரு ஜக்கு, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச். ஜக்கு இல்லையென்றால் குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டியே போதும். அதில் கோடு சரியாகவே இருக்கும்.

மெஷினை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அளவெடுங்கள். இரவெல்லாம் நின்ற மெஷினில் மெம்ப்ரேனின் இரண்டு பக்கமும் உப்பு சமமாகப் பார்க்கும். காலையில் முதலில் வரும் தண்ணீர் எப்போதும் உப்பாகத்தான் இருக்கும். அதை வைத்து மெம்ப்ரேனைக் குற்றம் சொல்லக் கூடாது.

ஒன்று, உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ். இரண்டு, மெம்ப்ரேனின் நல்ல தண்ணீர்க் குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரின் டி.டி.எஸ். குடிக்கும் குழாயில் பிடிக்கக் கூடாது. காரணம் பிறகு சொல்கிறேன். மூன்று, அதே குழாயில் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி. நான்கு, வேஸ்ட் குழாயில் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி.

நல்ல தண்ணீர்க் குழாயைக் கழற்ற டூல் எதுவும் வேண்டாம். கனெக்டரில் நீல கிளிப் இருந்தால் எடுத்துவிட்டு, வெளி வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்தபடி குழாயை இழுத்தால் வந்துவிடும்.

இந்த அளவுகளைக் காலையில் எடுப்பது நல்லது. மே மாதத்தில் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கையில் சுடும். சூடான தண்ணீர் மெம்ப்ரேனில் வேகமாகப் போகும், உப்பும் கூடவே போகும். ஒரு டிகிரிக்கு ஓட்டம் சுமார் 3 சதவீதம் மாறும். டிசம்பர் காலை அளவையும் மே மதிய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

இன்னொன்று. 80 ஜி.பி.டி. என்றால் 210 மில்லி வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். லேபிள் கணக்கு கம்பெனி சோதனையில் உப்பு குறைவான தண்ணீரை வைத்துப் போட்டது. உள்ளே வரும் தண்ணீரில் 100 டி.டி.எஸ். கூடும்போதெல்லாம் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் சுமார் 1 பி.எஸ்.ஐ. அந்த உப்பை எதிர்த்தே செலவாகிவிடும். 1,500 டி.டி.எஸ். போர் தண்ணீரில் 150 மில்லி வந்தாலே மெம்ப்ரேன் ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லலாம்.

டேங்க் நிறைய ரொம்ப நேரம் ஆகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். நல்ல தண்ணீர் குறைந்திருப்பது ஏற்கெனவே தெரியும். வேஸ்ட் தண்ணீர் எவ்வளவு என்பதில்தான் பதில் இருக்கிறது.

நல்ல தண்ணீரும் குறைவு, வேஸ்ட் தண்ணீரும் குறைவு என்றால், உள்ளேயே தண்ணீர் சரியாக வரவில்லை. வெளியே தொங்கும் ஸ்பன் ஃபில்டர் அடைத்திருக்கும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் செடிமென்ட், கார்பன் ஃபில்டர்கள். அதுவும் இல்லையென்றால் பம்ப் தளர்ந்திருக்கும், மெஷின் ஓடும்போது தண்ணீரைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வு பாதிதான் திறக்கிறது, அல்லது அடாப்டர் 24 வோல்ட் கொடுக்கவில்லை. இந்த வரிசையிலேயே பாருங்கள். மெம்ப்ரேனைத் தொட வேண்டாம்.

நல்ல தண்ணீர் குறைவு, வேஸ்ட் மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் கொட்டுகிறது என்றால், எஃப்.ஆர். போய்விட்டது, அல்லது யாரோ அதை மாட்டாமலே விட்டுவிட்டார்கள், அல்லது ஃப்ளஷ் வால்வு திறந்தே கிடக்கிறது. அழுத்தம் நிற்காதபோது புது மெம்ப்ரேன் போட்டாலும் தண்ணீர் வராது. சில பத்து ரூபாய் சாமானில் முடியும் வேலை இது.

வேஸ்ட் தண்ணீர் எஃப்.ஆரில் எழுதியிருக்கும் அளவுக்குப் பக்கத்தில் வருகிறது, முன் ஃபில்டர்கள் புதியவை, பம்பும் சரி, நல்ல தண்ணீர் மட்டும் 60, 70 மில்லி. இப்போதுதான் மெம்ப்ரேன் அடைத்துவிட்டது என்று சொல்லலாம். மாற்ற வேண்டியதுதான்.

நாலாவது ஒரு நிலை இருக்கிறது, அதுதான் ஆபத்து. நல்ல தண்ணீர் ஜோராக வருகிறது, வேஸ்ட் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்: "பாருங்க, எங்க மெஷின்ல வேஸ்டே இல்ல." எஃப்.ஆர். உப்பால் அடைத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 டி.டி.எஸ். தண்ணீரில் 30 சதவீதத்தை மட்டும் பிரித்தெடுத்தால், மீதி வேஸ்ட் தண்ணீர் சுமார் 2,100 ஆகும். அதே தண்ணீரில் 70 சதவீதத்தைப் பிரித்தெடுத்தால் மீதி 5,000-ஐத் தொடும். அந்தக் கெட்டியான உப்புத் தண்ணீர் மெம்ப்ரேனின் வால் பக்கத்தில் நின்றபடி சுண்ணாம்பாக இறுகும். இரண்டு வருஷம் ஓட வேண்டியது நாலு மாதத்தில் முடிந்துவிடும். அதனால்தான் மெம்ப்ரேன் மாற்றும்போதெல்லாம் எஃப்.ஆரையும் சேர்த்து மாற்று என்பது. பழையதை ஊதிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டும் பழக்கம் வேண்டாம்.

தண்ணீர் உப்புக் கரிக்கிறது

இங்கேதான் இரண்டாவது அளவு உதவும். உள்ளே வரும் டி.டி.எஸ்ஸிலிருந்து வெளியே வருவதைக் கழித்து, உள்ளே வருவதால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால், எத்தனை சதவீத உப்பைத் தடுக்கிறது என்று தெரியும். நல்ல மெம்ப்ரேன் 90-க்கு மேல் காட்டும். 85-க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும், 80-க்குக் கீழே நின்றுவிட்டால் மாற்றலாம்.

குடிக்கும் குழாயில் ஏன் அளக்கக் கூடாது? பல மெஷின்களில் டி.டி.எஸ். அட்ஜஸ்டர் என்று ஒரு சின்ன திருகு இருக்கிறது. மெம்ப்ரேன் வழியாக வராத கொஞ்சம் தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலந்து ருசி சேர்ப்பது அதன் வேலை. மழைக்காலத்தில் போர் தண்ணீர் 700 இருக்கும்போது திறந்து வைத்ததை, கோடையில் 1,800 ஆனபோது யாரும் மூடியிருக்க மாட்டார்கள். கடலோரத் தெருக்களில் இந்த ஏற்ற இறக்கம் சகஜம். மெம்ப்ரேன் குழாயில் 110, குடிக்கும் குழாயில் 320 என்று வந்தால், திருகை வலது பக்கம் திருப்பி மூடினால் வேலை முடிந்தது.

இன்னொரு பொறி இருக்கிறது. இதில் மெக்கானிக்குகளே விழுவார்கள். முன் ஃபில்டர் அடைத்து அழுத்தம் குறைந்தால், நல்ல மெம்ப்ரேனும் டி.டி.எஸ். கூட்டிக் காட்டும். மெம்ப்ரேன் வழியாகத் தண்ணீர் எவ்வளவு போகும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. உப்பு கசிவதோ அழுத்தத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. தண்ணீர் பாதியானால், அதே அளவு உப்பு பாதித் தண்ணீரில் வந்து சேரும். மீட்டரில் எண் இரட்டிப்பாகும். ஆகவே ஓட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் சதவீதக் கணக்கை நம்பலாம்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் பார்த்தது. மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் ஒரே சம்பில் விழும் வீடு. சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்தவர் மீட்டரை விட்டுப் பார்த்து, மெம்ப்ரேனோடு ஃபுல் கிட் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். "போன தீபாவளிக்குத்தான் தம்பி மாத்தினேன், அதுக்குள்ள போயிடுச்சாம்," என்றார் வீட்டுக்கார அம்மா. உள்ளே வரும் தண்ணீர் 1,380. மெம்ப்ரேன் குழாயில் 240. அதாவது 82.6 சதவீதம், மாற்றச் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றும். ஆனால் நல்ல தண்ணீர் 70 மில்லி, வேஸ்ட் 250 மில்லி; எஃப்.ஆரில் எழுதியிருந்தது 450. இரண்டுமே குறைவு.

வெளியே தொங்கும் பவுலைத் திறந்தால், ஸ்பன் ஃபில்டர் தேன்மிட்டாய் நிறத்தில் வழவழவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் சேறு வழிந்தது. கட்டிடத்தில் சம்பைக் கழுவி வருஷக்கணக்காகிறது, லாரித் தண்ணீர் வந்து விழும்போதெல்லாம் அடியில் கிடக்கும் வண்டல் கலங்கி மேலே வருகிறது. புது ஸ்பன் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டதும் நல்ல தண்ணீர் 160, வேஸ்ட் 430. டி.டி.எஸ். 112. கணக்குப் போட்டால் 91.9 சதவீதம். மெம்ப்ரேனைத் தொடவே இல்லை. குடிக்கும் குழாயில் மட்டும் 175 இருந்தது. அட்ஜஸ்டர் கொஞ்சம் திறந்திருந்தது. "ருசி நல்லா இருக்கு, அப்படியே விடுப்பா," என்றார். விட்டுவிட்டேன்.

ஓட்டமும் கூடுகிறது, உப்பும் கூடுகிறது

மெம்ப்ரேன் சாகும்போது எப்படிச் சாகிறது என்பதை எண்களே சொல்லும். ஓட்டம் குறைந்து உப்பு கூடினால் உப்புப் படிவு. போர் தண்ணீர் வீடுகளின் நோய் இது. ஓட்டம் முன்னைவிடக் கூடி, உப்பும் கூடினால், அது குளோரின். மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

வடசென்னைக்கு வரும் குழாய்த் தண்ணீர், புழல் ஏரித் தண்ணீரானாலும் மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருவதானாலும், குளோரின் போட்டுத்தான் வருகிறது. லாரித் தண்ணீரிலும் உண்டு. கிருமிக்கு அது தேவை. ஆனால் மெம்ப்ரேனின் மேல் இருக்கும் மெல்லிய பாலிஅமைடு படலத்தை குளோரின் அரித்துவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது கார்பன் ஃபில்டர் ஒன்றுதான். மெட்ரோ வாட்டர் வீட்டில் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஸ்பன் வெள்ளையாகவே இருக்கும், அதனால் கார்பனையும் மறந்துவிடுவார்கள். கார்பன் தீர்ந்துபோனால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. தண்ணீர் வழக்கம்போல ஓடும். படலம் மட்டும் உள்ளே ஓட்டையாகிக்கொண்டிருக்கும்.

இதைப் பார்க்க குளோரின் டெஸ்ட் சொட்டு மருந்து கிடைக்கிறது. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மீன் வளர்ப்பவர்களுக்கும் குளோரின்தான் எதிரி. கார்பனைத் தாண்டி வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, பாக்கெட்டில் சொன்ன அளவு சொட்டு விடுங்கள். மஞ்சள் தட்டினால் கார்பன் தீர்ந்துவிட்டது. கார்பனை மாற்றாமல் மெம்ப்ரேனை மட்டும் மாற்றினால் பணம் தண்டம்.

உப்புப் படிவா என்று உறுதிப்படுத்த, கழற்றிய மெம்ப்ரேனின் வால் பக்கம், அதாவது வேஸ்ட் வெளியேறும் முனையைப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி வரும். அதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். நுரைத்தால் சுண்ணாம்பு. அந்த வீட்டில் அடுத்த மெம்ப்ரேனுக்கு முன்னால் எஃப்.ஆரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வழவழப்பாகப் பழுப்பாக இருந்தால் சேறும் பாசியும். ஸ்பன் மாற்றுவதில் தாமதம்.

மெம்ப்ரேனுக்குச் சம்பந்தமே இல்லாதவை

மெஷின் நின்ற பிறகும் வேஸ்ட் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் சோலினாய்டு வால்வு மூடவில்லை. டேங்க் நிறைந்தும் பம்ப் நிற்கவில்லை என்றால் ஃப்ளோட் சுவிட்ச். தண்ணீரில் வாடை என்றால் டேங்கைக் கழுவி, போஸ்ட் கார்பனை மாற்றிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்து ஃபில்டர் மாற்று என்று சொன்னால், பல மாடல்களில் அது ஓடிய நேரத்தை எண்ணும் கடிகாரம்தான்; மெம்ப்ரேனை அது பார்க்கவே இல்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

பெட்டியில் போட்டிருக்கும் கால அளவு எல்லா ஊருக்கும் பொதுவாகப் போட்டது. நம் பக்கம் நான் சொல்வது இது. ஸ்பன் மூன்று மாதம். லாரித் தண்ணீர் வரும் வீட்டில் இரண்டு மாதத்திலேயே திறந்து பார்க்க வேண்டும். அது நிறம் பார்த்து மாற்ற வேண்டிய சாமான். கார்பன் ஆறு மாதம், குறிப்பாக மெட்ரோ வாட்டர் வீட்டில், பார்க்க நன்றாக இருந்தாலும். மெம்ப்ரேன் மெட்ரோ வாட்டரில் இரண்டு வருஷம், சில வீடுகளில் அதற்கு மேலும். 1,500-க்கு மேல் போகும் போர் தண்ணீரில் ஒரு வருஷம் ஓடினால் சரி. எஃப்.ஆர். மெம்ப்ரேனோடு சேர்த்து; போர் தண்ணீர் வீட்டில் நடுவில் ஒருமுறை வேஸ்ட் தண்ணீரை அளந்துவிடுவது நல்லது.

மெம்ப்ரேனுக்கு மட்டும் தேதியை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை நான்கு அளவை எழுதி வைத்தால் போதும். தடுக்கும் சதவீதம் 92, 91, 91, 88, 84 என்று இறங்கினால், அடுத்த மாதம் செலவு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரே மாதத்தில் 92-லிருந்து 78-க்கு விழுந்தால் அது வயதால் வந்ததில்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது. பெரும்பாலும் உள்ளே வரும் தண்ணீரே மாறியிருக்கும்.

அப்புறம், உள்ளே வரும் தண்ணீரே எப்போதும் 500-க்குக் கீழே இருக்கும் வீட்டில் உப்புக்காக ஆர்.ஓ. தேவையே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஏற்கத்தக்க வரம்பே 500 தான். அந்த வீட்டுக்காரர்கள் மெம்ப்ரேன் மாற்றும் நேரம் வரும்போது யு.வி. மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

மாற்றும்போது

இன்லெட் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, மெஷினில் மீதி இருக்கும் அழுத்தம் அடங்கும் வரை பொறுங்கள். மூடியைத் திருகும் முன் மூன்று குழாயும் எங்கே இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூடிப் பக்கம் இருப்பது உள்ளே வரும் தண்ணீர். அடிப்பக்கம் நடுவில் இருப்பது நல்ல தண்ணீர், ஓரத்தில் இருப்பது வேஸ்ட். அடிப்பக்கம் இரண்டும் இடம் மாறிவிட்டால் டேங்கில் வேஸ்ட் தண்ணீர் விழும்.

மூடியைத் திருக ஸ்பேனர் தனியாகக் கிடைக்கும். பழைய மெம்ப்ரேன் இறுகிப் போயிருந்தால் குறட்டால் நடுக்குழாயைப் பிடித்து, கொஞ்சம் முறுக்கி இழுங்கள். உள்ளே ஹவுசிங்கைக் கழுவிவிடுங்கள். பழைய ஓ-ரிங் ஒன்று அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்த்து எடுத்துவிட வேண்டும். அதன் மேல் புது மெம்ப்ரேனை அழுத்தினால் கடைசிவரை போகாது.

இரண்டு சின்ன ஓ-ரிங் இருக்கும் முனை முதலில் உள்ளே போக வேண்டும். பெரிய கறுப்பு ரப்பர் உதடு, அதாவது பிரைன் சீல், மூடிப் பக்கம் இருக்க வேண்டும். ஓ-ரிங்கில் தண்ணீர் தொட்டுத் தடவினால் போதும், வழுக்க வேண்டுமென்றால் கிளிசரின். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் எல்லாம் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். உள்ளே தள்ளும்போது கடைசி அரை அங்குலத்தில் ஒரு தடை தெரியும். அது ஓ-ரிங் தன் இடத்தில் உட்காரும் தடை. கட்டை விரல் இரண்டாலும் அழுத்தி, லேசாகச் சுற்றினால் "டப்" என்று உட்காரும். அந்த "டப்" இல்லாமல் மூடியைத் திருகி அடைத்துவிட்டால் அடுத்த நாளே புகார் வரும்.

முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், துடைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மெம்ப்ரேன் கெடாமல் இருக்க உள்ளே மருந்து போட்டிருப்பார்கள். அந்தத் தண்ணீர் ஓடிய பிறகு நான்கு அளவையும் எடுத்து, ஹவுசிங்கின் மேலேயே மார்க்கரால் தேதியோடு எழுதிவிடுங்கள்.

புதிது போட்டும் உப்பு

புது மெம்ப்ரேன் போட்டு முதல் நாளே 60, 70 சதவீதம்தான் தடுக்கிறது என்றால் மூன்று சாத்தியம். ஒன்று, சின்ன ஓ-ரிங் வெட்டுப்பட்டோ மடங்கியோ போய், வேஸ்ட் பக்கத்து உப்புத் தண்ணீர் நேராக நல்ல தண்ணீரில் கலக்கிறது. கழற்றி ஓ-ரிங்கை விரலால் ஓட்டிப் பார்த்தால் வெட்டு தட்டுப்படும். இரண்டு, பிரைன் சீல் மடங்கி, தண்ணீர் மெம்ப்ரேனுக்குள் போகாமல் அதன் வெளிப்பக்கமாகவே ஓடி வேஸ்டில் சேர்கிறது. இதில் உப்போடு சேர்ந்து நல்ல தண்ணீரும் குறைவாக வரும். இரண்டையும் சரிசெய்து மாட்டினால் எண் திரும்பிவிடும்.

மூன்றாவது, மெம்ப்ரேனே மட்டம். பழைய மெம்ப்ரேனுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பது ஒன்றும் புதிய வியாபாரம் இல்லை. கவர் காற்று போகாமல் சீல் செய்திருக்கிறதா, நடுக்குழாயில் கீறல் இருக்கிறதா, முனையில் வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். குறடு பிடித்த தழும்பு நடுக்குழாயில் இருந்தால் அது ஏற்கெனவே ஒரு வீட்டில் ஓடியது. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிய பிறகு தெரிந்தால், அன்றைய நான்கு அளவையும் மீட்டரோடு போட்டோ எடுத்து, பில்லோடு கொண்டுபோங்கள். மாட்டி ஒரு வாரம் கழித்துப் போனால் "உங்க தண்ணிதான் சரியில்ல" என்று சொல்லிவிடுவார்கள்.